வரவேற்புச் சொல்லில் பன்மையும் மதிப்பும்: சென்னை இல்லப் பேச்சு வழக்கு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் இல்லங்களில் விருந்தினரை வாசலில் எதிர்கொள்ளும் சொல் பெரும்பாலும் ‘வணக்கம்’ அன்று. ‘வா’ என்னும் ஏவல் வினையே ஆகும். ‘வணக்கம்’ மேடைக்கும் முதல் அறிமுகத்திற்கும் உரியது. நெருங்கிய உறவினரிடம் அது அயன்மையைத் தோற்றுவிக்கும்.

இவ்வினை ‘வா’, ‘வாங்க’ என இரு வடிவம் பெறும். பிராமணர் பேச்சில் பின்னது ‘வாங்கோ’ என வழங்கும். ‘வாங்க’ என்பது பலரையும் குறிக்கும், மதிப்பிற்குரிய ஒருவரையும் குறிக்கும். ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறும் வழக்கைத் தொல்காப்பியக் கிளவியாக்கமும் சுட்டுகிறது.

ஓர் இல்ல விழாவிற்குப் பெரியப்பா, உடன் பணிபுரியும் இளையவர், பள்ளித் தோழன் ஆகிய மூவரும் ஒருங்கே வருவதாகக் கொள்வோம். ‘வாங்க, வாங்க’ என்னும் ஒரே அழைப்பு மூவருக்கும் பொருந்தும். பெரியப்பா அதனை மதிப்பாகவும் தோழன் பன்மையாகவும் கொள்வதால் ஏற்றத்தாழ்வு வெளிப்படுவதில்லை.

தனித்தனியே பேசும்போதுதான் தேர்வு தேவைப்படுகிறது. பெரியப்பாவிடம் ‘உட்காருங்க பெரியப்பா’ என உறவுப்பெயர் சேர்கிறது. அலுவலகத்தில் ‘நீ’ எனப்படும் இளையவரும், தம் மனைவியுடன் வந்திருப்பின், ‘நீங்க’ ஆகிறார். தோழனிடம் ‘வாடா’ என்பது பெரியோர் முன்னிலையில் ‘டா’ நீங்கி ‘வா’ என நிற்கும். அவனைத் தனியே ‘வாங்க’ என அழைப்பின் அது மதிப்பாகாது; கேலியாகவோ ஊடலாகவோ கொள்ளப்படும். ஆதலின் வடிவத்தைத் தீர்மானிப்பது கேட்பவரின் தகுதி மட்டுமன்று, உடனிருப்போரும் ஆவர்.