பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் வைப்பது எப்படி?

கடைக் கணக்கர்களுக்குச் சங்கத்தில் இரண்டு நாள் ஜி.எஸ்.டி. வகுப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊர்க் கட்டணத்தையே நாமும் வைப்பது அடக்கம் பாராமல் சரக்குக்கு விலை சொல்வது போலாகும். கடைசியில் மிஞ்ச வேண்டிய தொகையிலிருந்து பின்னோக்கி வருவோம்.

சங்க நிதிக்கு ரூ.6,000 மிஞ்ச வேண்டும். ஆசிரியருக்கு ரூ.12,000, மண்டபத்துக்கு ரூ.5,000. ஆக ரூ.23,000. எத்தனை பேர் வந்தாலும் இது மாறாது. புத்தகம், சாப்பாடு, தேநீர் அப்படியல்ல, தலைக்கு ரூ.450.

மண்டபத்தில் 40 நாற்காலி இருக்கிறதென்று 40-ஆல் வகுப்பதில்தான் கோளாறு. பங்கு ரூ.575, கட்டணம் ரூ.1,025 என வரும். வந்தது 25 பேர் என்றால் ரூ.14,375 தான் தேறும். மிச்சம் கிடக்கட்டும், ஆசிரியருக்கும் மண்டபத்துக்குமே ரூ.2,625 துண்டு விழும்.

நிச்சயம் வரக்கூடிய 25 பேரால் வகுத்தால் பங்கு ரூ.920, கட்டணம் ரூ.1,370. 19 பேர் சேர்ந்தாலே கைமுதல் திரும்பிவிடும். சங்கம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருந்தால் 18 சதவீத வரியை இதற்கு மேல் சேர்க்க வேண்டும். இதற்குள் அடக்கினால் மிச்சம் கரைந்துவிடும்.

பணம் கட்டியவரை மட்டுமே எண்ணுங்கள். 'கட்டாயம் வர்றேன் அண்ணாச்சி' என்பது வரவில் சேராது. மண்டபத்துக்கு முழுப்பணம் கட்டும் நாளில் 19 ரசீது கிழியவில்லையென்றால் தேதியைத் தள்ளிவைப்பதே நல்லது.