செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடுமா?

மாணவர்களே, பாடாங் செராய்க்கு அருகே தோட்டத்தில் வசிக்கும் ஒரு மாணவி, பிளே ஸ்டோர் வழியாகக் கணிதச் செயலி ஒன்றுக்கு மாதம் 10 ரிங்கிட் சந்தா கட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசி உடைந்துவிட்டது. புதிய கைப்பேசியில் செயலியைப் பதிவிறக்கினால் பாடங்கள் பூட்டியே கிடக்கின்றன. பணம் போய்விட்டதா?

இல்லை. சந்தாவின் பதிவு கைப்பேசியில் இல்லை. வாங்கிய கூகுள் கணக்கின் பெயரில் ஸ்டோரில் இருக்கிறது. Restore purchases பொத்தானை அழுத்தியதும், "இந்தக் கணக்கில் நடப்புச் சந்தா உண்டா?" என்று செயலி ஸ்டோரைக் கேட்கும். உண்டென்றால் பூட்டு திறக்கும். அம்மாவின் கணக்கில் வாங்கிவிட்டுத் தன் கணக்கில் தேடினால் திறக்காது.

இதே காரணத்தால், செயலியை நீக்கினாலும் சந்தா நிற்பதில்லை. ஸ்டோரில் உள்ள பதிவு அப்படியே இருப்பதால் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கும். புதுப்பிக்கும் நாளுக்கு முன்பே, ஸ்டோரின் Payments & subscriptions பகுதியில் அதை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்த பிறகும், கட்டிய மாதம் முடியும்வரை பாடங்களைப் படிக்கலாம்.

ரத்து செய்வதால் கட்டிய பணம் திரும்பி வராது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே விண்ணப்பிக்கலாம்; அதற்குப் பின் செயலியைத் தயாரித்தவரிடம் கேட்க வேண்டும்.