ஒரே இரவில் ஐந்நூறு ஃபாலோயர்கள் போனால்

2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளை மொத்தமாகத் துடைத்தெறிந்தது. ஜஸ்டின் பீபருக்குச் சுமார் 35 லட்சம் ஃபாலோயர்கள் குறைந்தார்கள். இன்ஸ்டாகிராமின் சொந்தக் கணக்கிலிருந்தே ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல் காணாமல் போனது. அவர்களில் யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. போலிக் குடும்ப அட்டைகளை நீக்கினால் ரேஷன் கடைக் கணக்கில் அட்டைகள் குறையும். அரிசி வாங்க வருகிறவர் ஒருவர்கூடக் குறைய மாட்டார். அதே கதைதான்.

ஆனால் எச்சரிக்கை அனுப்பும் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. "ஃபாலோயர் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தது" என்று மட்டும் அது சொல்லும். உடனே கடைக்காரர் நேற்றுப் போட்ட பதிவை அழிப்பார், மன்னிப்புக் கேட்டு ஒரு ஸ்டோரி போடுவார், விளம்பரத்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பார். தளம் தன் வீட்டைப் பெருக்கியதற்கு இவர் பரிகாரம் செய்துகொண்டிருப்பார்.

எச்சரிக்கை எப்போது அடிக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யலாம். எந்தக் கணக்கிலிருந்தும் தினம் சிலர் விலகிக்கொண்டேதான் இருப்பார்கள். அந்த வழக்கமான அளவு எவ்வளவு என்று ஒரு மாதம் பார்த்தாலே தெரிந்துவிடும். தினம் 15, 20 பேர் போகிற கணக்கில் 25 பேர் போனால் அது செய்தியே இல்லை. ஒரே நாளில் வழக்கத்தைப் போல ஐந்து மடங்கு, அதாவது நூறு பேர் அளவில் போனால் எச்சரிக்கை அடிக்கலாம். சதவீதத்தை மட்டும் வைத்து எல்லை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருநூறு பேர் உள்ள கணக்கில் நான்கு பேர் போனாலே இரண்டு சதவீதம் ஆகிவிடும்; கருவி நாள்தோறும் அலறும்.

இன்னொன்று, மொத்த எண்ணிக்கை வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்துக் காட்டும் நிகரக் கணக்கு. 400 பேர் புதிதாக வந்த நாளில் 500 பேர் போயிருந்தால் திரையில் நூறுதான் குறைந்திருக்கும். முடிந்தவரை போனவர்களைத் தனியாக எண்ணுவதே நல்லது. யூடியூபில் வெளியே தெரியும் எண்ணை நம்பி எச்சரிக்கை வைக்கவே கூடாது. 2019 முதல் அது பெரிய சேனல்களின் எண்ணில் முதல் மூன்று இலக்கங்களை மட்டும் வைத்து மீதியைக் கீழ்நோக்கிச் சுருக்கிக் காட்டுகிறது. 1,23,000 பேர் உள்ள சேனலில் ஒரே ஒருவர் போனாலும் திரையில் 1,22,000 என்று தெரியும். கருவி ஆயிரம் பேர் போனதாக அடித்துக்கொள்ளும். சேனல் உரிமையாளர் தன் யூடியூப் அனலிட்டிக்ஸைத் திறந்தால் முழு எண் கிடைக்கும். சந்தாதாரர் அறிக்கையில் மூடப்பட்ட கணக்குகளால் ஏற்பட்ட இழப்பு தனி வரியாகவே இருக்கும். யூடியூபில் நம் வேலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

சிக்கல் இன்ஸ்டாகிராமில்தான். அதன் இன்சைட்ஸ் பகுதியில் வரும் 'அன்ஃபாலோ' எண்ணில், உங்களை அன்ஃபாலோ செய்தவர்களும் இன்ஸ்டாகிராமை விட்டே போனவர்களும் ஒன்றாகக் கலந்திருப்பார்கள். பிரித்துத் தர மாட்டார்கள். நாமேதான் பிரிக்க வேண்டும்.

அதற்குத் தேவையானது பட்டியல். இன்ஸ்டாகிராம் உங்கள் தகவல்களை நீங்களே தரவிறக்கிக்கொள்ள வழி தருகிறது. அதில் ஃபாலோயர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, வடிவம் `JSON` என்றும் காலம் `All time` என்றும் வைத்துக் கேட்க வேண்டும். காலத்தைக் குறுக்கிவிட்டால் பழைய ஃபாலோயர்கள் பட்டியலில் வராமல் போய், பாதிப் பேர் ஓடிவிட்டதாகத் தெரியும். வந்து சேரும் `followers_1.json` என்ற கோப்பில் ஒவ்வொருவரின் பெயரோடு, அவர் உங்களை ஃபாலோ செய்த நேரமும் இருக்கும். இந்த நேரம்தான் நமக்குப் பொக்கிஷம். ஏன் என்பது சற்று நேரத்தில் புரியும். இந்தக் கோப்பை வாரம் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

"யார் அன்ஃபாலோ செய்தார்கள்?" என்று காட்டுவதாகச் சொல்லி, உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும் செயலிகள் பக்கம் போகாதீர்கள். கணக்கே கைமாறிப் போகும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையின் இன்ஸ்டா பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எடுத்த பட்டியலில் 24,310 பேர். வழக்கமாகத் தினம் முப்பது பேர் வருவார்கள், பதினாறு பேர் போவார்கள். புதன்கிழமை கடை ஒரு பதிவு போடுகிறது; வியாழன் இரவு எச்சரிக்கை அடிக்கிறது. வெள்ளி காலை பார்த்தால் 23,840. உடனே புதிய பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். கணினி கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது நான்கு வரி வேலை:

```
export LC_ALL=C
jq -r '.[].string_list_data[0] | "\(.value) \(.timestamp)"' followers_1.json | sort > friday.txt
join -v 1 sunday.txt friday.txt > lost.txt
join -v 2 sunday.txt friday.txt > new.txt
```

ஞாயிற்றுக்கிழமைக் கோப்பையும் இதே முறையில் `sunday.txt` ஆக்கி வைத்திருக்க வேண்டும். கோப்பு ஒன்றுக்கு மேல் வந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலின் நீளம் திரையில் தெரியும் எண்ணுக்கு ஏறக்குறைய வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதியில் அறுந்த பட்டியல் கிளப்பும் பீதிக்கு அளவே கிடையாது.

நம் கடைக்கு வந்த விடை: 631 பெயர்களைக் காணோம், 161 பெயர்கள் புதிது. புதிய பெயர்களில் ஒன்பதை உற்றுப் பார்த்தால் அவற்றின் ஃபாலோ நேரம் போன வருடத்தையும் அதற்கு முந்தைய வருடத்தையும் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் வந்தவர் போன வருடமே ஃபாலோ செய்திருக்க முடியாது. காணாமல் போனவர்களின் வரிசையில் தேடினால் அதே நேரத்தோடு வேறு பெயர் ஒன்று நிற்கிறது. ஆள் ஒருவர்தான், பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறார். இந்த ஒன்பதை இரண்டு பக்கமும் கழித்தால், போனவர்கள் 622, வந்தவர்கள் 152.

இப்போது அந்த 622 பேரையும் ஃபாலோ செய்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். 540 பேர் இரண்டு வருடத்துக்கு முன் அடுத்தடுத்து மூன்றே நாளில் வந்து சேர்ந்தவர்கள். கடை அப்போது 'ஃபாலோ செய்து ஷேர் செய்தால் சேலை இலவசம்' என்று ஒரு போட்டி நடத்தியிருந்தது. மீதி 82 பேர் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு வருடங்களில் வந்தவர்கள். ஐந்து நாளில் 82 பேர் என்றால் நாளுக்குப் பதினாறு சொச்சம். வழக்கமான போக்குவரத்து அவ்வளவுதான். இந்த 82 பேரைப் பற்றிக் கடைக்காரர் கவலைப்பட ஒன்றுமில்லை.

540 பேர் கும்பலாக வந்து கும்பலாகப் போயிருக்கிறார்கள். அவர்களில் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது பேரை எடுத்து, ஒவ்வொருவர் பக்கத்தையும் திறந்து பார்க்கலாம். 38 பக்கங்கள் கிடைக்கவில்லை, இரண்டு திறக்கின்றன. பக்கம் கிடைக்கவில்லை என்றாலே கணக்கு ஒழிந்தது என்று எழுதிவிட முடியாது. அவர் உங்களை பிளாக் செய்திருந்தாலும் உங்களுக்கு அப்படித்தான் தெரியும். அதனால் வேறொருவரின் கணக்கிலிருந்தும் திறந்து பாருங்கள். அங்கும் கிடைக்கவில்லை என்றால் கணக்கு இப்போது இல்லை. தளம் நீக்கியதா, அவரே மூடினாரா என்று ஒரு பக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே போட்டியில் சேர்ந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேர் ஒரே இரவில் தாங்களாகவே கணக்கை மூட மாட்டார்கள்.

திறந்த அந்த இரண்டு பக்கங்களும் கொஞ்சம் வில்லங்கமானவை. கணக்கு உயிரோடு இருந்தால் உண்மையான அன்ஃபாலோ என்று எழுதத் தோன்றும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 2018 நவம்பரில் இன்ஸ்டாகிராம் ஒன்றை அறிவித்தது: வெளிச் செயலிகளைக் கொண்டு ஃபாலோவும் லைக்கும் பெருக்கும் கணக்குகளின் அந்தப் போலி ஃபாலோக்களையும் லைக்குகளையும் நீக்கப் போவதாக. இதில் கணக்கு அப்படியே இருக்கும். அது கொடுத்த ஃபாலோ மட்டும் மறைந்துவிடும். அதனால் உயிரோடுள்ள கணக்குகளிலும் படமே இல்லாத, ஏழாயிரம் பேரை ஃபாலோ செய்கிற ரகத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஆக, கடைக்காரரின் கணக்கில் உண்மையான அன்ஃபாலோ ஏறவில்லை. புதன்கிழமை போட்ட பதிவை அழிக்கவும் வேண்டாம். லைக்கும் விசாரிப்பும் முன்போலவே இருக்கின்றனவா என்று பார்த்தால் இது இன்னும் உறுதியாகும். போலிகள் போனால் அவை குறையாது.

இதே 622 வேறு மாதிரியும் வந்திருக்கலாம். ஃபாலோ செய்த நேரம் நான்கைந்து வருடங்களில் பரவலாகச் சிதறியிருக்கும், திறந்த நாற்பதில் முப்பத்தைந்து பக்கங்கள் உயிரோடு இருக்கும், அவற்றில் குழந்தை படமும் கோயில் படமும் இருக்கும். மணிக்கணக்கில் பார்த்தால் பதிவு போட்ட முதல் சில மணி நேரத்தில் கூட்டமாகப் போய், பிறகு இரண்டு நாள் மெல்ல வடிந்திருக்கும். அப்போது பதிவில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் பதிவு மோசமாக இருந்தால்தான் இப்படி ஆகும் என்றில்லை. ஆறு மாதம் எதுவும் போடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒன்று போட்டாலும் ஆகும். "இவரை எப்போது ஃபாலோ செய்தோம்?" என்று யோசித்து விலகுகிறவர்கள் ஏராளம்.

மூன்றாவதாகத் தளத்தின் கோளாறு. 2022 அக்டோபர் 31 அன்று, கணக்கு முடக்கப்பட்டதாக ஏராளமானோருக்கு இன்ஸ்டாகிராம் தவறாகச் செய்தி காட்டியது. அவர்களை எண்ணாததால் பலருடைய ஃபாலோயர் எண்ணிக்கை சடசடவெனச் சரிந்தது, பின்பு திரும்பியது. ட்விட்டரில் இதற்குக் கொஞ்சம் நெருக்கமான ஒன்று இருந்தது. சந்தேகத்துக்குரிய கணக்கிடம் பாஸ்வேர்டையோ போன் எண்ணையோ உறுதி செய்யச் சொல்வார்கள்; செய்யும் வரை அந்தக் கணக்கு யாருடைய எண்ணிக்கையிலும் சேராது. 2021 ஜூனில் நடிகர் அனுபம் கெர், 36 மணி நேரத்தில் 80,000 பேர் குறைந்துவிட்டதாகப் பதிவிட்டபோது ட்விட்டர் தந்த விளக்கம் இதுதான். உறுதி செய்தவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

அதனால் எச்சரிக்கைச் செய்தியில் வெறும் எண் போதாது. "540 பேர் ஒரே தொகுதி, மாதிரியில் 40-க்கு 38 பக்கங்கள் இல்லை, வழக்கமான அன்ஃபாலோ மாறவில்லை" என்று எழுதியிருந்தால் கடைக்காரருக்கு உபயோகம். அந்த நாற்பது பெயர்களை எங்காவது குறித்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். அவர்களில் பாதிப் பேர் திரும்பியிருந்தால் நடந்தது சுத்திகரிப்பு அல்ல, தற்காலிக முடக்கம். எச்சரிக்கைப் பதிவேட்டில் காரணத்தைத் திருத்தி எழுதிவிடலாம்.