பல் பிடுங்கிய குழியைக் காப்பது உறைந்த ரத்தமே

பல் பிடுங்கியதும் மருத்துவமனையில் தரும் சீட்டு முழுக்கத் தடைகளாகவே இருக்கும். துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா கூடாது, சூடு கூடாது, புகை கூடாது. ஏன் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. அதனால்தான் பலர் பாதியைப் பின்பற்றி, பாதியை விட்டுவிடுகிறார்கள். இத்தனை தடைகளுக்கும் பின்னால் இருப்பது ஏறக்குறைய ஒரே காரணம். பல் இருந்த எலும்புக்குழியில் ரத்தம் நிரம்பி உறைகிறது. அந்த உறைவு திறந்துகிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காக்கிறது. புதிய திசு அதற்குள்தான் வளர்கிறது. ஈறு மூடச் சில வாரங்களும், எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும். முதல் நாளில் அந்த உறைவு கலையாமல் இருந்தால்தான் இவையெல்லாம் ஒழுங்காக நடக்கும்.

ஒருவருக்குக் காலை 10 மணிக்குக் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லை எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழிமேல் மடித்து வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பஞ்சோடு ஒட்டிய உறைவும் பிய்ந்து வந்துவிடும். ‘எச்சில் சிவப்பாகவே இருக்கிறதே, எப்படிச் சும்மா இருப்பது?’ என்று கேட்பார்கள். சில துளி ரத்தமே வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும். மறுநாள் வரை எச்சில் லேசாகச் சிவந்திருப்பது இயல்பு. அதைத் துப்பாமல் விழுங்கிவிடலாம். மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்திருக்கும். சில மணி நேரத்தில் அதன் வேலை தீரும்போது, மதியமோ மாலையோ மறுபடி ரத்தம் கசியக்கூடும். அப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து மடித்துக் குழிமேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் கடிக்க வேண்டும். உலர்ந்த துணி உறைவோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் நனைக்கச் சொல்கிறோம். அதற்கும் நிற்காமல் ரத்தம் வாயில் நிரம்பினால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பல் பிடுங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்துவது ரத்தக் கசிவைவிட ஆபத்தானது.

கொப்பளிப்பதில்தான் எதிர்ப்பு அதிகம். புண்ணைக் கழுவாவிட்டால் சீழ் வைக்காதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் தண்ணீர் அழுக்கோடு சேர்த்து இன்னும் இறுகாத உறைவையும் அடித்துச் சென்றுவிடும். வெறுமையாகிவிட்ட எலும்புக்குழி, கழுவாத குழியைவிட அதிகத் தொல்லை தரும். மறுநாள் முதல் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து, தானாக வழிய விட வேண்டும். மற்றப் பற்களை அன்று இரவே மென்மையாகத் துலக்கலாம். ஸ்ட்ராவும் பீடி சிகரெட்டும் வாயில் உறிஞ்சும் விசையை உண்டாக்குகின்றன. புகை ரத்த ஓட்டத்தையும் குறைப்பதால் குழி ஆறுவது தாமதமாகும். மூன்று நாளாவது புகைக்காமல் இருந்தே ஆக வேண்டும்.

சாப்பாட்டில் அவ்வளவு சிக்கல் இல்லை. மரப்பு விட்ட பிறகே சாப்பிட வேண்டும், இல்லையேல் உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்ள நேரும். ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்சாதம், இட்லி போன்றவற்றை மறுபக்கத்தில் மென்று சாப்பிடலாம். தயிரும் முட்டையும் சீழ் வைக்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. கொதிக்கும் காபியும் காரமும் முறுக்கும் சில நாள் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடக்கக் கூடாது.

வலி இருக்கிறதா என்பதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிப் பிறகு வற்ற வேண்டும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துவந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திரும்பி, காது வரை பாய்ந்து, வாயில் துர்நாற்றமும் அடித்தால் உறைவு போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். இதை ‘டிரை சாக்கெட்’ என்பார்கள். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களிலும் புகைப்பவர்களிடமும் இது அதிகம். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டால் தீராது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி அடங்கும். குழிமேல் வெண்படலம் தெரிந்து வலி குறைந்துகொண்டே வந்தால் அது சீழ் அல்ல, புண் ஆறும்போது படியும் படலம், சுரண்டாதீர்கள். மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோடு வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.