பழைய பைக்கை எலெக்ட்ரிக்காக மாற்றலாமா? புதுசு வாங்கலாமா?

வீட்டு வாசலில் பத்து வயதான ஸ்ப்ளெண்டர் நிற்கிறது. சேஸியும் சக்கரங்களும் நன்றாக இருக்கின்றன. பெட்ரோல் செலவுதான் கையைக் கடிக்கிறது. 'இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார், பேட்டரி மாட்டினால் போதும், புது எலெக்ட்ரிக் வண்டி எதற்கு?' என்று பலருக்கும் தோன்றுகிறது. அதற்கென்றே 'கன்வெர்ஷன் கிட்' விற்கிறார்கள். ஆனால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பு சட்டம் என்ன சொல்கிறது, கணக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பெட்ரோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்ற, ஏ.ஐ.எஸ். 123 என்ற தரநிலையின்படி சோதிக்கப்பட்டுச் சான்று பெற்ற கிட் வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்ற அமைப்புகள் இந்தச் சான்றைத் தருகின்றன.

இந்தச் சான்று குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டுமே பொருந்தும். ஸ்ப்ளெண்டருக்குச் சான்று பெற்ற கிட்டை ஆக்டிவாவில் மாட்டினால் அது சட்டப்படி செல்லாது. கிட் தயாரித்த நிறுவனம் அங்கீகரித்த பட்டறையில்தான் பொருத்தவும் வேண்டும்.

மாற்றிய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்ற வேண்டும். பெட்ரோல் என்று இருந்த இடத்தில் ELECTRIC(BOV) என்று வர வேண்டும். பச்சை நம்பர் பிளேட்டும் வாங்க வேண்டும். வண்டி கடனில் இருந்தால், கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யாமல் ஓட்டினால்? அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸில் இருக்கிறது. பாலிசி பெட்ரோல் வண்டிக்கு எடுக்கப்பட்டது. சாலையில் ஓடியதோ வேறு வண்டி. விபத்து நடந்தால், இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு நாமே காரணத்தை எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும்.

'250 வாட்தான், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்' என்கிறார்களே?

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு ஹப் மோட்டார் விற்பவர்கள் சொல்வது இது. 250 வாட்டுக்குக் குறைந்த சக்தி, மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகம், பேட்டரி இல்லாமல் 60 கிலோவுக்குக் குறைந்த எடை என்று மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பதிவுக்கு விலக்கு. அது அதற்கென்றே தயாரித்த சிறு வண்டிகளுக்கானது. ஏற்கெனவே பதிவான, நூறு கிலோவைத் தாண்டும் பைக்கில் சின்ன மோட்டார் மாட்டினால், அது சலுகை வண்டி ஆகிவிடாது.

கணக்கு என்ன சொல்கிறது?

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த கோகோஏ1 நிறுவனம் ஸ்ப்ளெண்டருக்கு ஆர்.டி.ஓ. அனுமதியுள்ள கிட்டை அறிமுகப்படுத்தியபோது, அதன் விலை 35,000 ரூபாய் என்று செய்திகள் வந்தன. பலரும் கவனிக்காத விஷயம், அந்த விலையில் பேட்டரி சேரவில்லை என்பது. பேட்டரிக்குச் சுமார் 50,000 ரூபாய், அதோடு வரி எல்லாம் சேர்த்தால் மொத்தம் 95,000 ரூபாயைத் தொட்டது.

இதையே வைத்துக் கணக்குப் போடுவோம். தினம் 30 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓட்டுகிறவர், மாதத்துக்கு 750 கிலோமீட்டர் போகிறார். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால், பன்னிரண்டரை லிட்டர் பெட்ரோல். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1,260 ரூபாய். அதே தூரத்துக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 27 யூனிட் மின்சாரம் ஆகும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 220 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆயில் மாற்றும் செலவு மிச்சமாவதையும் சேர்த்தால், மாதம் 1,200 ரூபாய் கையில் நிற்கும்.

இந்த வேகத்தில் 95,000 ரூபாயைத் திரும்ப எடுக்க ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் பேட்டரிக்கே வயதாகிவிடும். வண்டியின் ஆர்.சி.யும் 15 ஆண்டைத் தாண்டி, புதுப்பிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு தமிழ்நாட்டு விஷயமும் உண்டு. இரண்டு மாத மின் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஏற்கெனவே 460, 470 யூனிட் ஓடும் வீட்டில், வண்டிக்கான 54 யூனிட் சேர்ந்தால் கோட்டைத் தாண்டிவிடும். அப்போது மிச்சம் இன்னும் குறையும்.

புதிய வண்டியோடு ஒப்பிட்டால்...

சாலைக்கு வரும்போது 1,10,000 ரூபாய் ஆகும் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். பழைய ஸ்ப்ளெண்டரை 25,000 ரூபாய்க்கு விற்றால், கையிலிருந்து போடுவது 85,000 ரூபாய்தான். கிட் மாட்டும் செலவைவிட 10,000 ரூபாய் குறைவு! கிட்டுக்கு 95,000 கொடுப்பவர், விற்றால் வரும் 25,000 ரூபாயையும் அந்த வண்டியிலேயே முடக்குகிறார் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

விலையோடு முடிவதில்லை. புதிய வண்டியின் பிரேக், சஸ்பென்ஷன், சேஸி எல்லாம் அந்த மோட்டாருக்கும் பேட்டரிக்கும் ஏற்ப வடிவமைக்கப்பட்டவை. பழைய பைக்கின் பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் ஏறும்போது, சக்கரத்தின் எடை கூடுகிறது. பள்ளம் மேடுகளில் ஸ்போக்ஸுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் அடி அதிகம். மோட்டாரின் திருகுவிசை முழுவதும் ஆக்ஸிலில் இறங்குவதால், நட் தளரும் வாய்ப்பும் உண்டு. அதைத் தாங்கும் 'டார்க் ஆர்ம்' பட்டை இல்லாத பொருத்தலை ஏற்காதீர்கள். மாற்றிய வண்டியில் பின்சக்கரம் லேசாக ஆடினாலோ, ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

அப்படியானால் யாருக்குத்தான் கிட்?

டெலிவரி வேலையில் தினம் 100 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மாதம் 3,500 ரூபாய் வரை மிச்சமாகும். இரண்டேகால் ஆண்டில் முதல் திரும்பும். ஆனால், கிட்டோடு வரும் பேட்டரி 2.8 யூனிட் பிடிப்பது என்றால், நிஜ சாலையில் 80, 90 கிலோமீட்டர்தான் ஓடும். நடுவில் ஒருமுறை சார்ஜ் போட இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியை விலைக்கு வாங்காமல், வாடகைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள ஊரில் முதலீடு பாதியாகக் குறையும். இன்ஜின் செத்துப்போய், விற்றாலும் விலை போகாத, ஆனால் உறுதியான வண்டி வைத்திருப்பவர்களும் யோசிக்கலாம்.

அப்படி முடிவெடுத்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் மாடலின் பெயர் உள்ள கிட் சான்றிதழ், பேட்டரி ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான சான்று, ஆர்.சி. மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது என்பதற்கு எழுத்தில் பதில். அந்தச் சான்றிதழின் நகலோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், 'இந்தக் கிட்டை இங்கே பதிவு செய்து தருவீர்களா?' என்று கேட்டுவிடுங்கள்.

தினம் 30 கிலோமீட்டருக்குள் ஓட்டும், நல்ல மைலேஜ் கொடுக்கும் பைக் வைத்திருப்பவர்களுக்கோ, இருக்கும் வண்டியை ஓடும்வரை ஓட்டிவிட்டு, மாற்ற வேண்டிய காலம் வரும்போது நேராகப் புதிய எலெக்ட்ரிக் வண்டிக்குப் போவதுதான் லாபம்.