தேயிலையில் மரபணுப் புகுத்தல்: கழுத்துக்கழலைப் பாக்டீரியத்தின் செயல்முறையும் எல்லையும்

முன்னுரை

குன்னூரை அடுத்த ஜெகதளாவின் சரிவுகளில் தேயிலையே முதன்மைப் பயிர். மழைக்காலத்தில் அதன் இளந்தளிரைக் கொப்புள நோய் தாக்குகிறது. தேயிலை தன் மகரந்தத்தால் எளிதில் கருவுறாது. ஆகவே கலப்பினத் தேர்வுக்குப் பல்லாண்டுகள் ஆகும். விளைச்சலும் சுவையும் மாறாமல் எதிர்ப்புப் பண்பை மட்டும் சேர்க்க, மரபணுவை நேரடியாகப் புகுத்தும் வழி நாடப்படுகிறது. அதற்குரிய கருவி ஒரு நோய்க்கிருமியே என்பதையும், தேயிலையில் அது எதிர்கொள்ளும் தடையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கழலை தோன்றும் முறை

பீச், ரோஜா முதலியவற்றின் வேர்க்கழுத்தில் தோன்றும் கழலைக்கு அக்ரோபாக்டீரியம் டியூமிபேசியன்ஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியமே காரணம் என 1907இல் எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் நிறுவினர். காயமுற்ற செடி அசிட்டோசிரிங்கோன் போன்ற பீனால்களைக் கசியவிடுகிறது. அவற்றை உணர்ந்த பாக்டீரியம், தன் டி.ஐ. பிளாஸ்மிட் என்னும் வட்ட டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. அத்துண்டு செடியின் குரோமோசோமில் இணைந்து ஆக்சினையும் சைட்டோகைனினையும் மிகுவிக்க, செல்கள் கட்டின்றிப் பெருகிக் கழலையாகின்றன. அச்செல்கள் ஆக்கும் ஒபைன் பாக்டீரியத்திற்கு உணவாகிறது.

நோய்க்கிருமி கருவியாதல்

கடத்தப்படும் துண்டின் இரு முனைகளிலும் 25 கார இணைகள் கொண்ட எல்லைத் தொடர்கள் உள்ளன. கடத்தும் பணியைச் செய்யும் மரபணுக்களோ துண்டிற்கு வெளியே அமைந்தவை. எனவே எல்லைகளுக்கு இடையிலுள்ள கழலை மரபணுக்களை நீக்கி, வேண்டிய மரபணுவை அவ்விடத்தில் வைத்தாலும் கடத்தல் நிகழும். செடிக்கு நோய் வராது.

தேயிலையில் எழும் தடை

பாலம்பூரில் மண்டல் குழுவினர் காங்க்ரா தேயிலையின் உடற்செல் கருக்களில் இம்முறையைக் கையாண்டு, மரபணு மாற்றிய செடிகளைப் பெற்றதை 2001இல் வெளியிட்டனர். இலைத்துண்டுகளில் இது எளிதாக அமையவில்லை. தேயிலை இலையின் பாலிபீனால்கள் பாக்டீரியத்தையே கொன்றுவிடுகின்றன. அதேவேளையில் பீனால்கள் யாவற்றையும் அகற்றினால், பாக்டீரியத்தைத் தூண்டும் அழைப்பும் இல்லாமற்போகும். ஆகவே கொல்லும் தன்மையைத் தணித்து, கடத்தும் ஆற்றலைக் காப்பதே தேவை. பாலம்பூர் ஆய்வாளர்கள் 2007இல் எல்-குளுட்டமினைச் சேர்த்து இதை நிறைவேற்றினர்.

வெற்றியை மதிப்பிடுவதிலும் பிழை நேரலாம். திசுவில் எஞ்சிய பாக்டீரியமே புகுத்திய மரபணுவைக் கொண்டிருப்பதால், செடி மாறியதுபோல் தோன்றும். இதனால், சாயமேற்றினால் நீலநிறம் காட்டும் குஸ் மரபணுவினுள் ஓர் இன்ட்ரானை வைக்கின்றனர். அதை வெட்டி நீக்கும் திறன் பாக்டீரியத்திற்கு இல்லை. ஆகவே நீலநிறம் தோன்றினால் மரபணு செடியின் செல்லில் இயங்குவது உறுதியாகிறது.

முடிவுரை

காயத்தின் பீனாலே பாக்டீரியத்தை அழைக்கிறது. தேயிலையின் பீனாலே அதை அழிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான அளவைக் காண்பதிலேயே தேயிலையில் மரபணுப் புகுத்தலின் வெற்றி அமைகிறது.