மூலதனத்தின் உண்மையான விலை

மைசூருவின் ஹூட்டகள்ளித் தொழிற்பகுதியில் இயங்கும் ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் நிறுவனம் 1981-இல் தொடங்கப்பட்டது. கனரக வாகனங்களுக்கான அச்சுகளைத் தயாரிக்கும் இந்நிறுவனத்தின் ஒரு பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். பங்குச்சந்தையிலோ அண்மை ஆண்டுகளில் அது ஆயிரம் ரூபாய்க்கும் மேல் விலைபோயிருக்கிறது. கணக்கேட்டில் உள்ள தொகைக்கும் சந்தை தரும் விலைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது. புதிய இயந்திரம் வாங்கலாமா என்று ஒரு நிறுவனம் முடிவெடுக்கும்போது இத்தொலைவே விடையை மாற்றிவிடக்கூடும். எவ்வாறு என்பதை ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொண்டு பார்ப்போம்.

அதே வட்டாரத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அதற்கு வங்கிக் கடன் 40 கோடி ரூபாய். வட்டி 10 விழுக்காடு. பங்கு முதலும் காப்பு நிதியும் சேர்ந்து கணக்கேட்டில் 40 கோடி. பங்குகள் ஒரு கோடி. ஆகவே ஏட்டின்படி ஒரு பங்கின் மதிப்பு 40 ரூபாய். சந்தை விலை 120 ரூபாய். எனவே பங்குமூலதனத்தின் சந்தை மதிப்பு 120 கோடி ரூபாய்.

முதலில் கடனின் செலவைக் காண்போம். வட்டி, வரிக்குரிய இலாபத்திலிருந்து கழிக்கப்படுவது. ஆகவே நிறுவனம் 10 ரூபாய் வட்டி கட்டும்போது அதன் ஒரு பகுதியை வரியில் மீட்டுக்கொள்கிறது. 2019-இல் உள்நாட்டு நிறுவனங்களுக்கு அறிமுகமான சலுகை விகிதத்தில் அடிப்படை வரி 22 விழுக்காடு. கூடுதல் வரியும் தீர்வையும் சேர்ந்தால் 25.168 விழுக்காடு. அவ்விகிதத்தைத் தெரிவுசெய்த நிறுவனத்துக்கு, வரிக்குப் பிந்திய கடன் செலவு 10-இல் 74.832 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 7.48 விழுக்காடு.

அடுத்து பங்குமூலதனத்தின் செலவு. அரசுப் பத்திரம் 7 விழுக்காடு தருவதாகவும், பங்குச்சந்தையின் இடருக்கு முதலீட்டாளர் மேலும் 7.5 விழுக்காடு எதிர்பார்ப்பதாகவும், நம் நிறுவனப் பங்கின் ஏற்ற இறக்கம் சந்தையைப் போல் 1.2 மடங்கு என்றும் கொள்வோம். 7.5-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 9. அதனுடன் 7 சேர, செலவு 16 விழுக்காடு. பங்காதாயத்துக்கு வரிக் கழிவு இல்லையாதலால் இதில் எதையும் குறைக்க இயலாது.

இனி இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது? ஏட்டு மதிப்பின்படி கடனும் பங்கும் சரிபாதி. எனவே சராசரி 11.74 விழுக்காடு. சந்தை மதிப்பின்படி மொத்தம் 160 கோடியில் கடன் கால் பங்கு, பங்குமூலதனம் முக்கால் பங்கு:

0.25 × 7.48 + 0.75 × 16 = 13.87

20 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு புதிய பிரிவை நிறுவினால், அது வரிக்குப் பின்னும் வட்டிக்கு முன்னும் ஆண்டுக்கு 12.5 விழுக்காடு, அதாவது 2.50 கோடி ஈட்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்பிரிவின் இடரும் நிறுவனத்தின் இடரை ஒத்ததே. ஏட்டு விகிதம் "செய்யலாம்" என்கிறது. சந்தை விகிதமோ ஆண்டுக்கு 2.77 கோடி தேவை என்கிறது; ஏறத்தாழ 27 இலட்ச ரூபாய் ஆண்டுதோறும் குறைகிறது.

எது சரி? இன்று 120 ரூபாய் கொடுத்துப் பங்கை வாங்குபவர், 16 விழுக்காடு என்பதைத் தாம் கொடுத்த 120 ரூபாய்க்கே எதிர்பார்க்கிறார், அது 19.20 ரூபாய். ஏட்டிலுள்ள 40 ரூபாய்க்குக் கணக்கிட்டால் 6.40 ரூபாய்தான் வரும். எதிர்பார்ப்பு விகிதத்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, எடையை மட்டும் பழைய ஏட்டிலிருந்து எடுப்பது பொருந்தாது. ஆகவே சந்தை எடையே சரி. மாறும் வட்டியுள்ள வங்கிக் கடனுக்கு நிலுவைத் தொகையையே பெரும்பாலும் சந்தை மதிப்பாகக் கொள்ளலாம்.

பிழைகள் வழக்கமாக இரண்டு இடங்களில் நுழைகின்றன. திட்டத்தின் வருவாயில் வட்டியைக் கழித்துவிட்டு, அவ்வருவாயை இச்சராசரியோடு ஒப்பிட்டால் வட்டி இருமுறை எண்ணப்படுகிறது; வருவாய்க் கணக்கில் வட்டி என்ற வரி இருந்தால் இப்பிழை நேர்ந்திருக்கிறது என்று அறியலாம். மற்றொன்று, நட்டத்தில் உள்ள நிறுவனத்துக்கும் வரிச் சலுகையைக் கழிப்பது. வரியே கட்டாத ஆண்டில் கடனின் செலவு முழு 10 விழுக்காடு. நம் சராசரியும் 14.5 ஆகிவிடும்.

பங்குச்சந்தையில் இல்லாத குடும்ப நிறுவனங்களுக்கு விலை தெரியாது. அவர்கள் அதே தொழிலில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களின் கடன்-பங்கு விகிதத்தைத் தோராயமாகக் கொள்ளலாம். அவ்விகிதத்தை ஐந்து விழுக்காடு முன்பின்னாக மாற்றிப் பார்த்து, முடிவும் மாறுகிறதா என்று நோக்குவது நன்று. மாறுமாயின், அத்திட்டத்தின் இலாபம் மெல்லிய நூலில் தொங்குகிறது என்று பொருள்.